ஒரே ஜல்லிக் குவியல், நான்கு கனஅளவு: குறியுள்ள நான்முகிக் கூட்டல் எங்கே பிசகுகிறது

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் போகும் பக்கம் உள்ள ஒரு கிரஷர் களம். 20 மி.மீ. ஜல்லி குவித்து வைத்திருக்கிறார்கள். மேலே ட்ரோன் பறக்கவிட்டு எடுத்த படங்களிலிருந்து குவியலின் பரப்பை முக்கோண வலையாக மாற்றியாகிவிட்டது. கேள்வி ஒன்றுதான்: இதில் எத்தனை யூனிட் ஜல்லி இருக்கிறது? நம் ஊர்க் கணக்கில் ஒரு யூனிட் என்பது 100 கன அடி, அதாவது ஏறத்தாழ 2.83 கன மீட்டர்.

அந்த ஒரே வலைக்கு நான்கு விடைகள் வந்தன. ஒரு நிரல் 7,914.67 கன மீட்டர் என்றது. இன்னொன்று 848 என்றது. மூன்றாவது 1,248. நான்காவதோ, ஒவ்வொரு முறையும் லட்சக்கணக்கில் தவறி, சில நேரம் எதிர்க்குறியோடும் வந்தது. யூனிட்டில் சொன்னால் முதலாவது 2,795, இரண்டாவது சுமார் 299, மூன்றாவது 441. நான்குமே ஒரே சூத்திரத்தைத்தான் பயன்படுத்தின. சூத்திரமும் சரியானதே.

நிஜ வலையில் லட்சக்கணக்கான முக்கோணங்கள் இருக்கும்; அதைக் கையால் சரிபார்க்க முடியாது. எனவே இங்கே குவியலைச் சதுரப்படுத்திவிடுகிறேன்; மேலே சொன்ன நான்கு விடைகளும் இந்தச் சதுரக் குவியலின் வலைக்கு வந்தவையே. அடி 20 × 20 மீட்டர் சதுரம், உச்சி 8 × 8 மீட்டர் சதுரம், உயரம் 6 மீட்டர். உச்சி வெட்டிய பிரமிடு. பக்கங்கள் சரியாக 45 பாகையில் நிற்கும். (நிஜ ஜல்லி இதைவிடச் சற்றுப் படுத்த மாதிரிதான் நிற்கும். கணக்கு முழு எண்ணாக வரட்டும் என்பதற்காக இந்த 45.) பள்ளிக்கூடச் சூத்திரப்படி இதன் கனஅளவு 6/3 × (400 + 64 + 160) = 1,248 கன மீட்டர். ஆக மூன்றாவது விடைதான் சரி. ஆனால் அது சரியாக வந்த விதத்திலும் ஒரு வில்லங்கம் இருக்கிறது, பிறகு பார்ப்போம்.

கூட்டல் எப்படி வேலை செய்கிறது

வலையின் ஒவ்வொரு முக்கோணத்தின் மூன்று முனைகளையும் ஆதிப்புள்ளியோடு இணைத்தால் ஒரு நான்முகி கிடைக்கும். முனைகள் a, b, c என்றால் அதன் கனஅளவு:

```
V = a · (b × c) / 6
```

இந்த எண்ணுக்குக் குறி உண்டு என்பதில்தான் சூட்சுமம். முக்கோணத்தின் முனைகளை வெளியிலிருந்து பார்க்கும்போது இடஞ்சுழியாக வரும்படி வரிசைப்படுத்தியிருந்தால், ஆதிப்புள்ளிக்கு முதுகைக் காட்டும் முக்கோணம் கூட்டலாகவும், ஆதிப்புள்ளியைப் பார்த்து நிற்கும் முக்கோணம் கழித்தலாகவும் வரும். ஆதிப்புள்ளி குவியலுக்கு வெளியே எங்கோ இருந்தால், குவியலுக்கு அப்பால் உள்ள பக்கத்தின் நான்முகிகள் குவியலையும் அதற்கு முன்னால் உள்ள வெற்றிடத்தையும் சேர்த்தே எண்ணிவிடும். இப்பக்கத்து நான்முகிகள் அந்த வெற்றிடத்தை எதிர்க்குறியோடு எண்ணும். வரவும் பற்றும் போல இரண்டும் கழிந்து, குவியல் மட்டும் மிஞ்சும். தளத்தில் நில அளவையர்கள் மனையின் முனை ஆயங்களைக் குறுக்கே பெருக்கிப் பரப்பு காண்பார்களே, அதே வேலையின் முப்பரிமாண வடிவம் இது.

நம் குவியலில் இதைப் போட்டுப் பார்க்கலாம். அடிச் சதுரத்தின் நடுவை ஆதிப்புள்ளியாக வைத்துக்கொள்வோம். வடக்குப் பக்கச் சரிவு ஒரு சரிவகம். அதை இரண்டு முக்கோணமாக வெட்டுகிறோம். முதல் முக்கோணத்தின் முனைகள் (10, 10, 0), (−10, 10, 0), (−4, 4, 6). பின் இரண்டின் குறுக்குப் பெருக்கல் (60, 60, 0). அதை முதல் முனையோடு புள்ளிப் பெருக்கல் செய்தால் 600 + 600 = 1,200. ஆறால் வகுத்தால் 200 கன மீட்டர். இரண்டாவது முக்கோணம் (10, 10, 0), (−4, 4, 6), (4, 4, 6); இதே வழியில் 480 / 6 = 80. ஆக வடக்குச் சரிவு 280 தருகிறது. நான்கு பக்கமும் ஒன்றுபோல இருப்பதால் 1,120. உச்சித் தளம் 64 × 6 / 3 = 128. அடித்தளம்? ஆதிப்புள்ளி அடித்தளத்திலேயே இருப்பதால் அந்த நான்முகிகள் தட்டையானவை, கனஅளவு பூஜ்யம். மொத்தம் 1,248.

அடித்தளம் பூஜ்யம் தருகிறது என்பதை மட்டும் மனதில் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆதிப்புள்ளி 1,400 கிலோமீட்டர் தள்ளி இருந்தால்

ட்ரோன் சர்வேயில் யாரும் குவியலின் நடுவை ஆதிப்புள்ளியாக வைப்பதில்லை. ஆயங்கள், பூமியை மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் யூடிஎம் முறையில் வரும். அந்தப் பகுதி 44 வடக்கு மண்டலம். நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே ஏறத்தாழ 14,00,000 மீட்டர். கிழக்கு ஆயம் ஏறத்தாழ 4,00,000 மீட்டர். குவியலின் அடி மட்டம் 50 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம்.

கணிதத்துக்கு இதனால் ஒரு கவலையும் இல்லை. மூடிய வலையை எங்கே நகர்த்தினாலும் கூட்டல் மாறாது. ஆனால் பகுதி விடைகள் எவ்வளவு பெரிதாகிவிடுகின்றன என்று பாருங்கள். 280 தந்துகொண்டிருந்த வடக்குச் சரிவு இப்போது 3,92,01,680 கன மீட்டர் தருகிறது. தெற்குச் சரிவு −3,91,98,320. இரண்டும் கழிந்து மிஞ்சுவது 3,360. கிழக்கு 1,12,01,680, மேற்கு −1,11,98,320, இங்கேயும் 3,360. உச்சி 1,194.67, அடி −6,666.67. எல்லாம் சேர்த்தால் மறுபடியும் 1,248. ஏறக்குறைய நான்கு கோடியிலிருந்து நான்கு கோடியைக் கழித்து ஆயிரத்துச் சொச்சத்தைப் பிடிக்கிறோம். காகிதத்தில் இது நடக்கும். கணினியில் எந்த வகை எண்ணில் கணக்கு நடக்கிறது என்பதைப் பொறுத்தது.

நான்காவது விடையின் கதை இங்கேதான். அந்த நிரல் `float32` எண்களில் கணக்குப் போட்டது. கிராஃபிக்ஸ் சார்ந்த நூலகங்கள் பலவும் இதைத்தான் இயல்பாக வைத்திருக்கும். `float32` எண்ணில் முக்கியமான இரும இலக்கங்கள் 24 மட்டுமே. தசமத்தில் ஏழு இலக்கம் தேறும். மேலே பார்த்த முதல் முக்கோணத்தையே யூடிஎம் ஆயங்களில் எடுங்கள்: b = (399990, 1400010, 50), c = (399996, 1400004, 56). குறுக்குப் பெருக்கலின் செங்குத்துக் கூறு இது:

```
399990 × 1400004 − 1400010 × 399996
= 559987599960 − 559998399960
= −10800000
```

இரண்டு பெருக்கற்பலனும் சுமார் 56,000 கோடி. அந்த அளவில் `float32` எண்கள் 65,536 இடைவெளியில்தான் கிடைக்கின்றன. நடுவில் உள்ள எதையும் அதில் எழுத முடியாது. முதல் பெருக்கற்பலன் அருகில் இருக்கும் எண்ணுக்கு மேல்நோக்கியும், இரண்டாவது கீழ்நோக்கியும் ஒதுங்குகின்றன. கழித்தால் வருவது −1,08,00,000 அல்ல, −1,07,47,904. வித்தியாசம் 52,096. இதை a முனையின் உயரமான 50 ஆல் பெருக்கி ஆறால் வகுங்கள்: 4,34,133 கன மீட்டர் பிழை. ஒரே முக்கோணத்தில், ஒரே கூறில். குவியல் முழுவதுமே 1,248தான்.

கவனிக்க வேண்டியது என்னவென்றால், நம் முனைகள் எல்லாம் முழு எண்கள்; `float32` எண்ணில் துல்லியமாகவே பதிவாகியிருக்கின்றன. உள்ளீட்டில் ஒரு பிசிறும் இல்லை. கெட்டது பெருக்கிக் கழித்த இடத்தில்தான். இந்த மாதிரிப் பிழை முக்கோணங்களின் வரிசையை மாற்றினாலோ, வேறு கணினியில் ஓட்டினாலோ வேறு விடை தரும். ஓட்டும்போதெல்லாம் விடை குதிக்கிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

`float64` ஆக இருந்தால்? அதே 56,000 கோடியில் இடைவெளி 0.00012 அளவே. ஒரு முக்கோணத்துக்குப் பிழை ஆயிரத்தில் ஒரு பங்கு கன மீட்டர் அளவில் நிற்கும். லட்சம் முக்கோணம் இருந்தாலும் பிழைகள் இரு பக்கமும் சிதறுவதால் பொதுவாக ஒரு கன மீட்டருக்குள் அடங்கிவிடும். ஜல்லி விற்க இது போதும். ஆனாலும் ஒரு வரியில் தீர்ந்துபோகிற பிழையை ஏன் விட்டுவைக்க வேண்டும்? முனைகளின் சராசரியை எல்லா முனைகளிலிருந்தும் கழித்துவிட்டுக் கூட்டினால் ஆயங்கள் பத்து மீட்டர் அளவுக்குச் சுருங்கும். அப்போது `float32` எண்ணில்கூட 1,248 சுத்தமாக வரும்.

இந்தக் கழித்தலை எப்போது செய்கிறோம் என்பது முக்கியம். முக்கோண வலைகளைச் சேமிக்கும் இரும எஸ்டிஎல் கோப்பில் ஆயங்கள் `float32` ஆகத்தான் பதிவாகும். அந்த வடிவத்தில் வேறு வழியே கிடையாது. வடக்கு ஆயம் 14 லட்சத்தில் இருக்கும்போது அடுத்தடுத்த இரண்டு எண்களுக்கு நடுவே 12.5 செ.மீ. இடைவெளி. கிழக்கு ஆயம் 4 லட்சத்தில் 3.1 செ.மீ. ஆக, நகர்த்தாமல் கோப்பை எழுதிவிட்டால் குவியலின் பரப்பு வடக்கு–தெற்காகப் படிக்கட்டு மாதிரி தெரியும். கிழக்கு–மேற்கில் படி அவ்வளவு உறுத்தாது. திரையில் வலையைச் சுழற்றும்போது ஒரு திசையில் மட்டும் வரிவரியாகத் தெரிந்தால் அது ஜல்லியின் குணமில்லை, கோப்பின் குணம். அதன்பின் நடுவுக்கு நகர்த்துவதால் கூட்டல் பிழை போகும். போன விவரம் திரும்பாது. `CloudCompare` போன்ற மென்பொருள்கள் பெரிய ஆயங்களோடு கோப்பைத் திறக்கும்போதே "Global Shift" என்று கேட்பது இதற்காகத்தான். அதை எரிச்சலோடு மூடிவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

அடி இல்லாத குவியல்

சரி, `float64` எண்ணில் ஒழுங்காகக் கூட்டிய நிரல் ஏன் 7,914.67 தந்தது? அதே வலையை நடுவுக்கு நகர்த்தியதும் ஏன் 848 ஆனது?

ட்ரோன் மேலேயிருந்து பார்க்கிறது. ஜல்லிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. எனவே வலையில் நான்கு சரிவும் உச்சியும் உண்டு, அடித்தளம் கிடையாது. 12 முக்கோணத்தில் 10தான் இருக்கின்றன. இது மூடிய வலை அல்ல. ஆனால் சூத்திரம் அதைக் கேட்பதில்லை. கொடுத்ததைக் கூட்டி ஒரு எண்ணைத் தந்துவிடும். எச்சரிக்கை எதுவும் வராது.

அந்த எண் கண்டபடி வருவதில்லை. அதற்குத் திட்டவட்டமான பொருள் இருக்கிறது. திறந்த வலையில் இந்தக் கூட்டல் தருவது, துளையின் விளிம்பு முழுவதையும் ஆதிப்புள்ளியோடு இணைத்துக் கூம்பாக மூடினால் கிடைக்கும் உருவத்தின் கனஅளவு. கூம்பின் பக்கங்கள் ஆதிப்புள்ளி வழியாகவே போவதால் அவற்றின் நான்முகிகள் பூஜ்யம். அதனால் அவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் கூட்டல் ஒன்றே. ஆக நிரல் நமக்குத் தெரியாமலேயே துளையை மூடிவிடுகிறது, தன் ஆதிப்புள்ளியை உச்சியாக வைத்து.

இப்போது எண்கள் தானாகவே புரிகின்றன. யூடிஎம் ஆயங்களில் ஆதிப்புள்ளி குவியலின் அடியிலிருந்து 50 மீட்டர் கீழே. 400 சதுர மீட்டர் துளைக்குக் கீழே 50 மீட்டர் ஆழக் கூம்பு: 400 × 50 / 3 = 6,666.67. குவியலோடு சேர்த்தால் 7,914.67. ஆதிப்புள்ளி பக்கவாட்டில் 1,400 கிலோமீட்டர் தள்ளி இருப்பது இதில் எந்த வித்தியாசமும் செய்யாது. கூம்பு கோணலாக நீளும், ஆனால் அடியும் செங்குத்து உயரமும் மாறாததால் கனஅளவு மாறாது.

நடுவுக்கு நகர்த்திய நிரலில் ஆதிப்புள்ளி அடியிலிருந்து 3 மீட்டர் மேலே, குவியலுக்குள்ளேயே இருக்கிறது. இப்போது கூம்பு உள்நோக்கிக் குடைகிறது: 400 × 3 / 3 = 400 கன மீட்டர் போய்விட்டது. மிச்சம் 848. நகர்த்தல் என்ற நல்ல பழக்கமே இங்கே 141 யூனிட் ஜல்லியை விழுங்கிவிட்டது. இதில் 7,914.67 அவ்வளவு ஆபத்தானதில்லை. களத்தில் நிற்கும் யாரும் அதைப் பார்த்ததும் சிரித்துவிடுவார்கள். 848 அப்படியில்லை. 20 மீட்டர் குவியலுக்கு நம்பும்படியான எண். டிப்பர் கணக்கோடு ஒப்பிடும் வரை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

மூன்றாவது நிரலின் 1,248 எப்படி? அதில் உயரத்தை மட்டும் அடி மட்டத்திலிருந்து அளந்திருந்தார்கள். ஆதிப்புள்ளி துளையின் தளத்திலேயே விழுந்ததால் கூம்பு தட்டையாகி, அடி இல்லாத குறை மறைந்துவிட்டது. விடை சரி, வலை அப்படியே திறந்துதான் இருக்கிறது. நாளைக்கு அதே நிரலில் தரை சரிவான இன்னொரு களத்தைக் கொடுத்தால் தவறும்.

ஆதிப்புள்ளியை நகர்த்திப் பார்ப்பது

மூடிய வலைக்கு ஆதிப்புள்ளி ஒரு பொருட்டல்ல என்பதையே சோதனையாக மாற்றலாம். வலையை d என்ற அளவு நகர்த்தினால் கூட்டல் S · d / 3 அளவு மாறும். இங்கே S என்பது எல்லா முக்கோணங்களின் பரப்புத் திசையன்களின் கூட்டுத்தொகை. அதாவது ஒவ்வொரு முக்கோணத்துக்கும் அதன் பரப்பளவை நீளமாகவும் வெளிநோக்கிய செங்குத்தைத் திசையாகவும் கொண்ட திசையன். மூடிய வலையில் S பூஜ்யமாக வேண்டும். நம் அடி இல்லாத குவியலில் S = (0, 0, 400). விடுபட்ட அடித்தளத்தின் பரப்பும் அது எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பதும் இந்த ஒரே திசையனில் தெரிந்துவிடுகிறது.

நகர்த்திப் பார்த்தே சோதிக்கிறேன் என்று சிலர் கிழக்கே நூறு மீட்டர் நகர்த்துவார்கள். விடை மாறாது. S செங்குத்தாக இருப்பதால் கிடைமட்ட நகர்வு அதைத் தொடாது. மூன்று திசையிலும் நகர்த்த வேண்டும். அதற்குப் பதில் S ஐயே கணக்கிட்டுவிடுவது எளிது.

```python
import numpy as np

def kanam(v, f):
    v = np.asarray(v, dtype=np.float64)
    v = v - v.mean(axis=0)
    a, b, c = v[f[:, 0]], v[f[:, 1]], v[f[:, 2]]
    V = np.einsum('ij,ij->', a, np.cross(b, c)) / 6
    S = np.cross(b - a, c - a).sum(axis=0) / 2
    return V, S
```

`v` முனைகளின் ஆயங்கள், `f` ஒவ்வொரு முக்கோணத்தின் மூன்று முனை எண்கள். முதலில் `float64` ஆக்குகிறோம், அப்புறம்தான் சராசரியைக் கழிக்கிறோம். வரிசையைத் தலைகீழாக்கினால் சராசரியே `float32` எண்ணில் கெட்டுப்போகும்.

S இன்னொரு நோயையும் பிரித்துக் காட்டும். அடித்தளம் ஒழுங்காக இருக்கிறது, ஆனால் வடக்குச் சரிவின் முதல் முக்கோணம் மட்டும் முனை வரிசை புரண்டு கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கையால் வலையை ஒட்டுப்போடும்போது இது சாதாரணமாக நடக்கும். மேலே உள்ள நிரல் 968 என்று சொல்லும்; S = (0, −120, −120). புரண்ட முக்கோணத்தின் பரப்புத் திசையன் (0, 60, 60). அது ஒரு முறை விடுபட்டு, மறுபடி ஒரு முறை எதிராகச் சேர்ந்ததால் இரட்டிப்பாக, எதிர்க்குறியோடு தெரிகிறது. யூடிஎம் ஆயங்களிலேயே கூட்டியிருந்தால் அந்த ஒரு முக்கோணத்தால் விடை −5,60,01,152 கன மீட்டர் ஆகியிருக்கும். தூரத்து ஆதிப்புள்ளிக்கு இப்படி ஒரு நன்மையும் உண்டு: சரிவில் உள்ள சிறு பிசகுகூடப் பெரும்பாலும் பூதாகரமாகத் தெரிந்துவிடும்.

எல்லா முக்கோணமும் சேர்ந்தே புரண்டிருந்தால் S பூஜ்யம், விடை −1,248. அதற்குக் குறியை மாற்றினால் போதும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு `abs()` போடுவது எனக்குப் பிடிக்காத பழக்கம். எதிர்க்குறி வந்தது ஏன் என்று தெரிந்தபின் மாற்றுவது வேறு. சொல்ல வந்த செய்தியையே துடைத்துவிடுவது வேறு.

S பூஜ்யமானாலும் போதாது

இது பலர் தடுக்கி விழும் இடம். இரண்டு முனையும் திறந்த ஒரு குழாயின் வெளிப்பரப்பு வலையை எடுங்கள். ஆரம் r, நீளம் h. இரண்டு வாயும் ஒரே அளவு, எதிரெதிர்த் திசை. விடுபட்ட பரப்புத் திசையன்கள் ஒன்றையொன்று கழித்துவிடுவதால் S பூஜ்யம். எந்தத் திசையில் நகர்த்தினாலும் விடை அசையாது. ஆனால் அந்த அசையாத விடை சரியான கனஅளவின் மூன்றில் இரண்டு பங்கு மட்டுமே. இரண்டு வாயிலிருந்தும் ஆதிப்புள்ளிக்குக் கூம்பு குடைகிறது. இரண்டு கூம்பின் உயரமும் சேர்ந்து h. ஆகவே மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது, ஆதிப்புள்ளி எங்கே இருந்தாலும் அதே ஒரு பங்கு.

எனவே S பூஜ்யமில்லை என்றால் வலை கெட்டது என்று உறுதியாகச் சொல்லலாம். S பூஜ்யம் என்பதால் வலை நல்லது என்று சொல்ல முடியாது. உறுதியான சோதனை விளிம்புகளை எண்ணுவதுதான். மூடிய, ஒழுங்காகத் திசையிட்ட வலையில் ஒரு முக்கோணம் p-யிலிருந்து q-வுக்குப் போனால், பக்கத்து முக்கோணம் அதே விளிம்பில் q-விலிருந்து p-க்கு வர வேண்டும். ஒவ்வொரு திசையிலும் சரியாக ஒரு முறை.

```python
from collections import Counter

def kurai(f):
    n = Counter()
    for a, b, c in f.tolist():
        n.update([(a, b), (b, c), (c, a)])
    return [(p, q) for (p, q) in n
            if n[p, q] != 1 or n[q, p] != 1]
```

அடி இல்லாத குவியலுக்கு இது நான்கு விளிம்புகளைத் தரும். அந்த நான்கும் சேர்ந்து அடிச் சதுரத்தின் சுற்று. ஒரு முக்கோணம் மட்டும் புரண்டிருந்தால் மூன்று விளிம்பு வரும், ஒவ்வொன்றும் ஒரே திசையில் இரண்டு முறை. திறந்த குழாய்க்கு இரண்டு வாயின் விளிம்புகளும் முழுதாக வரும். பைத்தானில் `trimesh` நூலகம் வைத்திருப்பவர்களுக்கு `is_watertight`, `is_winding_consistent` இரண்டும் இதே வேலையைச் செய்து தருகின்றன. `volume` கேட்பதற்கு முன்னால் இரண்டையும் கேட்பது நல்லது.

எஸ்டிஎல் கோப்பில் முனைகளுக்கு எண் கிடையாது. ஒவ்வொரு முக்கோணமும் தன் மூன்று முனைகளின் ஆயங்களைத் தனியாகவே எழுதிவைத்திருக்கும். ஒரே இடத்தில் உள்ள முனைகளை ஒன்றாக்கிய பிறகுதான் விளிம்பு எண்ண முடியும். ஒன்றாக்காமல் எண்ணினால் எல்லா விளிம்பும் குறை என்று வந்து நிற்கும்.

விளிம்புச் சோதனையிலும் தப்பும் ஒன்று உண்டு. அருகருகே இரண்டு குவியல்களைத் தனித்தனியே மூடிய வலையாக்கி ஒரே கோப்பில் போட்டால், இரண்டும் அடியில் ஒன்றோடொன்று கலந்திருக்கும் பகுதி இரண்டு முறை எண்ணப்படும். S பூஜ்யம், குறை விளிம்பும் இல்லை, ஆனால் விடை அதிகம். வலைகளை முதலில் ஒரே உருவமாக இணைத்தால்தான் தீரும். கூட்டல் முறையில் இதற்கு மருந்து இல்லை.

அடியை எப்படி மூடுவது

குறை விளிம்புகள் அடிச் சுற்றாகத் தெரிந்தபின், அந்தச் சுற்றை முக்கோணங்களால் மூட வேண்டும். நம் சதுரக் குவியலில் இரண்டே முக்கோணம். `float64` எண்ணில் கூட்டினால் விடை எல்லா ஆதிப்புள்ளிக்கும் 1,248 ஆகிவிடும், S பூஜ்யமாகும், குறை விளிம்பு ஒன்றும் இருக்காது.

நிஜக் களத்தில் அடிச் சுற்று ஒரே தளத்தில் இருக்காது. லாரி ஏறி இறங்கிய தடம், பழைய ஜல்லிப் பொடி படிந்த மேடு, மழைத்தண்ணீர் அரித்த பள்ளம். சுற்றுப் புள்ளிகளுக்கு நெருக்கமாகப் போகும் ஒரு சாய்தளத்தைப் பொருத்தலாம். சுற்றுப் புள்ளிகளையே முக்கோணங்களாக இணைத்து மூடலாம். குவிப்பதற்கு முன் எடுத்த வெறும் தரையின் சர்வே இருந்தால் அதையே அடியாக வைக்கலாம். கிடைத்தால் இதைவிட நல்லது எதுவுமில்லை. மூன்றும் மூடிய வலையைத் தரும், மூன்றுமே எல்லாச் சோதனையிலும் தேறும், ஆனால் மூன்றும் ஒரே விடை தராது. 400 சதுர மீட்டர் அடியில் சராசரியாக 10 செ.மீ. வித்தியாசம் வந்தாலே 40 கன மீட்டர்; 14 யூனிட், மொத்தத்தில் 3.2 சதவீதம். `float64` எண்ணில் வரும் பிழையெல்லாம் இதன் பக்கத்தில் ஒன்றுமில்லை.

அதனால் கிரஷர்காரரிடம் கொடுக்கும் தாளில் 1,248 என்ற எண்ணோடு அடியை எந்த முறையில் மூடினோம் என்பதையும், மூடிய பின் வந்த S மதிப்பையும், குறை விளிம்பு எண்ணிக்கை பூஜ்யம் என்பதையும் எழுதிவிடுவது வழக்கம். அடுத்த மாதம் அதே களத்தை வேறு ஒருவர் அளந்து 1,290 என்று சொன்னால், ஜல்லி கூடியதா அடி மாறியதா என்று பார்க்க அந்த மூன்று வரி தேவைப்படும்.